சீசா மாறலாம், செக்கு மாறக் கூடாது

மதுரையிலோ கோவையிலோ ஒரு பெரிய மளிகைக் கடையில் நல்லெண்ணெய் அடுக்கியிருக்கும் வரிசைக்கு முன்னால் நின்று பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் பிளாஸ்டிக் பையில் அடைத்த எண்ணெய். பக்கத்தில் பழகிய பிராண்டின் பெட் பாட்டில். அதற்கு மேல்தட்டில் கண்ணாடிச் சீசாவில், சணல் கயிறு கட்டி, செக்கு மாட்டின் படம் போட்ட ‘மரச்செக்கு’ எண்ணெய். அளவு ஒன்றுதான். விலையோ கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு. மூன்றின் லேபிளிலும் ‘சுத்தமான’, ‘பாரம்பரிய’ என்ற சொற்கள் இருக்கின்றன. கூடுதல் விலை எதற்கு என்று கேட்டால், கடைக்காரரால் அநேகமாகச் சொல்ல முடியாது.

அந்தக் கேள்விக்குப் பதில் எண்ணெய் ஆட்டும் இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ஆனால் மரச்செக்கு அதை முழுவதும் பிழிந்து எடுப்பதில்லை. நல்ல எள் 100 கிலோ ஆட்டினால் 40 கிலோ எண்ணெய் கிடைப்பது நல்ல விளைச்சல். மிச்சம் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். உதாரணத்துக்கு எள் கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எள்ளுக்கு 16,000 ரூபாய். ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டி ஏழு கிலோ, கிலோ 300 என்றால் 2,100. கூலியும் மின்சாரமும் 1,500. ஆக 19,600. புண்ணாக்கு 64 கிலோ கிடைத்து, கிலோ 40 ரூபாய்க்கு மாட்டுத் தீவனத்துக்குப் போனால் 2,560 ரூபாய் திரும்பி வரும். கழித்தால் 17,040. இதை 40 கிலோவுக்கு வகுத்தால் ஒரு கிலோ எண்ணெயின் அடக்கம் 426 ரூபாய்.

கடையில் விற்பது லிட்டர் கணக்கில். ஒரு லிட்டர் நல்லெண்ணெயின் எடை ஒரு கிலோ இல்லை, சுமார் 915 கிராம்தான். அப்படிப் பார்த்தால் லிட்டர் அடக்கம் 390 ரூபாய். (செக்குக் கடையில் கிலோ கணக்கிலும் கடைத்தெருவில் லிட்டர் கணக்கிலும் விலை கேட்டுவிட்டு இரண்டையும் அப்படியே ஒப்பிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.) இதற்கு மேல் பாட்டில், லேபிள், வண்டிக் கூலி, வரி, கடைக்காரர் லாபம், ஆட்டியவர் லாபம். எப்படிப் பார்த்தாலும் 500 ரூபாய்க்குக் குறைந்து அந்த எண்ணெய் வீட்டுக்கு வந்து சேர வழியில்லை.

இதே எள்ளை எக்ஸ்பெல்லரில், அதாவது இரும்புத் திருகு இயந்திரத்தில் கொடுத்தால் 45 கிலோ எண்ணெய் வரும். கருப்பட்டி தேவையில்லை, கூலியும் பாதிதான். புண்ணாக்குக்குக் கொஞ்சம் குறைவாகவே விலை கிடைக்கிறது என்று கழித்தாலும் லிட்டர் அடக்கம் 303 ரூபாய்க்குள் அடங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 87 ரூபாய். எள் விலை ஏறினால் இறங்கினால் இந்த எண்கள் மாறும். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது.

இந்த 87 ரூபாயில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. மரச்செக்கு எண்ணெய் என்று சொல்லி, எள்ளின் விலைக்கே கட்டுப்படியாகாத தொகைக்கு விற்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்க வேண்டும். இது சந்தேகம் இல்லை, கணக்கு. அதே போல, மரச்செக்கு என்ற ஒரே காரணத்துக்காக விலையை மூன்று மடங்காக்கினால், அந்தக் கூடுதல் பணம் செக்குக்குப் போகவில்லை. தேர்ந்தெடுத்த எள், புதிதாக ஆட்டியது, சிறு அளவில் ஆட்டுவதால் வரும் செலவு என்று அதற்கு வேறு காரணம் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர் சீசாவுக்கும் கயிற்றுக்கும்தான் விலை வாங்குகிறார்.

அப்படியானால் உயர்ரக நல்லெண்ணெய் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா? உண்டு. அதன் முதல் அடையாளம் எள். சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள் ஏலம் நடக்கும்போது கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று ரகம் பிரித்து விலை வைக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார்கள். தூசி, மண், பொக்கு எவ்வளவு, ஈரம் இருக்கிறதா, வாயில் போட்டால் கசக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை. எள்ளுச் செடியின் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. அடியில் உள்ள காய் வெடிக்கத் தொடங்கும்போது நுனியில் இருப்பது பச்சையாக இருக்கும். முழுக்க முற்றட்டும் என்று காத்திருந்தால் எள் வயலில் சிதறிவிடும். அதனால் சற்று முன்பே அறுத்து, அடுக்கி வைத்து, பிறகு உலர்த்தித் தட்டி எடுக்கிறார்கள். இதில் அவசரப்பட்டால் முற்றாத எள்ளும் ஈரமும் மூட்டைக்குள் போய்விடும். அந்த ஈரம் எண்ணெயின் ஆயுளைத் தின்னும்.

இதை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அமில மதிப்பு என்று பெயர். எள் பழையதானாலோ, ஈரத்தில் கிடந்தாலோ எண்ணெயில் உள்ள கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்கள் தனியே பிரியும். அவை எவ்வளவு என்பதை இந்த எண் காட்டும். எண் உயர உயர எண்ணெயில் காரலும் சிக்கு வாடையும் வர வாய்ப்பு அதிகம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் வரையறை நல்லெண்ணெய்க்கு 6 வரை அனுமதிக்கிறது. இது சட்டம் ஏற்கும் கடைசி எல்லைதான், உயர்ந்த தரத்துக்கான அடையாளம் அல்ல. ஐரோப்பாவில் ஆலிவ் எண்ணெய் ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்ற பெயரைப் பெற வேண்டுமானால் தனி அமிலம் 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதோடு பயிற்சி பெற்ற சுவைக் குழு சுவைத்துப் பார்த்துக் குறை இல்லை என்றும் சொல்ல வேண்டும். அங்கே உயர் விலைக்குப் பின்னால் சோதிக்கக்கூடிய ஓர் எண் நிற்கிறது. நம் நல்லெண்ணெய்க்கு விலை உயர்த்தி வைக்கிறவர்களும், ‘எங்கள் எண்ணெயின் அமில மதிப்பு 2-ஐத் தாண்டாது’ என்று பாட்டிலில் அச்சிட்டு, அதைக் காப்பாற்றலாம். மாட்டுப் படத்தைவிட அந்த ஒரு வரி பெரியது.

மாட்டுப் படம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று மரச்செக்கு என்று ஓடுபவற்றில் மிகப் பெரும்பாலானவை மின்மோட்டாரில் சுற்றுகின்றன. உரலும் உலக்கையும் மரம், பெரும்பாலும் வாகை. சுற்றுவதுதான் மோட்டார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எண்ணெயின் குணத்தைத் தீர்மானிப்பது செக்கை இழுப்பது மாடா மோட்டாரா என்பதல்ல, உலக்கை எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது, எள் எவ்வளவு சூடாகிறது என்பதே. மெதுவாகச் சுற்றும் மரச்செக்கில் அரைபடும் எள் அதிகம் சூடேறுவதில்லை. எக்ஸ்பெல்லரில் அழுத்தமும் உராய்வும் கூடுதல், சூடும் கூடுதல். இதை அப்படியே சொன்னாலே வாங்குகிறவர் புரிந்துகொள்வார். மோட்டாரில் ஆட்டிவிட்டு மாட்டின் படத்தை ஒட்டும்போதுதான் பொய் ஆரம்பிக்கிறது. அதைக் கண்டுபிடித்த வாடிக்கையாளர், எண்ணெய் உண்மையிலேயே நன்றாக இருந்தாலும் திரும்ப வரமாட்டார்.

கருப்பட்டி விஷயத்திலும் இதே சிக்கல்தான். நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது தமிழ்நாட்டின் வழக்கம். 100 கிலோ எள்ளுக்கு ஐந்து கிலோவிலிருந்து பத்து கிலோ வரை ஊருக்கு ஊர் மாறும். எள் நொறுங்கி மாவான நேரத்தில் கருப்பட்டியை உடைத்துப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்கள். மாவு பிசுபிசுத்து ஒன்றாகத் திரளும், உலக்கைக்குப் பிடிமானம் கிடைக்கும், ஓரத்தில் எண்ணெய் கசிந்து ஊறி வரும். செக்கு ஆட்டுகிறவர் அந்தத் திரட்சியைக் கண்ணால் பார்த்தே அடுத்து தண்ணீர் தெளிக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார். தண்ணீர் கூடினால் எண்ணெய் கலங்கும், சீக்கிரம் கெடும். குறைந்தால் மாவு உதிரியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் பிரியாது.

சர்க்கரைப் பொருள் எண்ணெயில் கரையாது. அதனால் கருப்பட்டி ஏறக்குறைய முழுவதும் புண்ணாக்கோடு போய்விடுகிறது. எள்ளுப் புண்ணாக்கை மாடு ஆசையாகத் தின்பதற்கு அதுவும் ஒரு காரணம். எண்ணெயில் மிஞ்சுவது ஒரு மெல்லிய மணம். அப்படியிருக்க, ‘கருப்பட்டியின் இரும்புச் சத்து நிறைந்த நல்லெண்ணெய்’ என்று விளம்பரம் செய்வது பாரம்பரியத்தின் பெயரில் சொல்லும் பொய். மறுபக்கம், கருப்பட்டி விலை கூடிவிட்டது என்று வெல்லப்பாகையோ சீனிக் கழிவையோ போட்டு ஆட்டிவிட்டு லேபிளில் மட்டும் கருப்பட்டி என்று எழுதுவதும் நடக்கிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உயர்ரக எண்ணெய் ஆட்டுகிறவர், தாம் வாங்கும் கருப்பட்டி எந்த ஊருடையது என்று ரசீதோடு சொல்லலாம். அது எண்ணெய்க்கும் மதிப்பு, பனையேறிகளுக்கும் பிழைப்பு.

ஆட்டிய எண்ணெயை என்ன செய்வது என்பதில்தான் பல புதிய பிராண்டுகள் தடுமாறுகின்றன. செக்கிலிருந்து வரும் எண்ணெய் கலங்கலாக இருக்கும். பழைய முறையில் அதை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய துணி கட்டி, வெயிலில் வைப்பார்கள். ஈரம் வற்றும், மண்டி அடியில் தங்கும், மேலே தெளிந்ததை வடித்து எடுப்பார்கள். எவ்வளவு தெளிந்தாலும் பாட்டிலின் அடியில் ஒரு மெல்லிய படிவு நாளடைவில் சேரும். நகரத்து வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டு ‘அழுக்கு’ என்று திருப்பிக் கொடுப்பார். ஒன்றிரண்டு முறை இப்படி நடந்தவுடன் பிராண்ட்காரர் எண்ணெயைச் சுத்திகரிப்புக்கு அனுப்பிவிடுகிறார். களிமண் போட்டு நிறம் நீக்கி, நீராவி கொண்டு வாடை நீக்கினால் எண்ணெய் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். கூடவே எள்ளின் மணமும் போய்விடும். இட்லிப் பொடியில் ஊற்றியவுடன் எழும்பும் அந்த வாசனைக்காகத்தான் வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுத்தார். அதையே எடுத்துவிட்டு விலையை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி நியாயம்?

துணியிலோ சாதாரண வடிகட்டியிலோ வடித்து, ‘அடியில் படிவது எள்ளின் மண்டி, இயல்பானது’ என்று லேபிளில் எழுதிவிடுவதுதான் சரியான வழி. எல்லா மண்டியும் நல்லது என்று சொல்ல முடியாது. படிவு நாள்பட நாள்பட அதிகமாகி, எண்ணெயில் புளித்த வாடை அடித்தால் ஈரம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பது வாடிக்கையாளரின் உரிமை.

நல்லெண்ணெய் மற்ற பல எண்ணெய்களைவிட மெதுவாகவே கெடும். செசமின், செசமோலின் என்று எள்ளுக்கே உரிய பொருள்கள் அதில் இருக்கின்றன. ஊறுகாய்க்கும் புளிக்காய்ச்சலுக்கும் நம் வீடுகளில் நல்லெண்ணெயைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் இந்தத் தாங்கும் குணம் இருக்கிறது. ஆனாலும் வெளிச்சம் அதற்கு எதிரி. கடை அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் மாதக்கணக்கில் நிற்கும் தெளிந்த கண்ணாடிச் சீசா பார்க்க அழகு, எண்ணெய்க்குக் கெடுதல். கரும்பழுப்புச் சீசாவோ தகர டின்னோ அதைக் காக்கும். உறைக்குச் செலவு செய்ய நினைக்கிறவர் செலவு செய்ய வேண்டிய இடம் அதுதான்.

வெளிநாட்டுச் சந்தையைப் பார்த்துப் பொருளையே மாற்றிவிடும் சோதனையும் உண்டு. ஜப்பானின் ஷோடோஷிமா தீவில் 1858-ல் தொடங்கிய கடோயா நிறுவனத்தின் எள் எண்ணெய் உலகம் முழுவதும் விற்கிறது. அது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது. கருஞ்சிவப்பு நிறம், தூக்கலான மணம், சமையல் முடிந்ததும் சில துளிகள் விடுவதற்கானது. நம்முடையது வறுக்காத எள்ளை ஆட்டுவது. அதில் தாளிக்கலாம், குழம்பு கொதிக்கவிடலாம், தலைக்கும் தேய்க்கலாம். இரண்டும் அவரவர் சமையலில் வளர்ந்த வேறு வேறு பண்டங்கள். ஏற்றுமதிக்காக நம் எண்ணெயை வறுத்த எண்ணெயாக மாற்றினால், கடோயாவோடு அவர்கள் களத்தில் போட்டியிட்டுத் தோற்க வேண்டியதுதான். வத்தக்குழம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்த வாடிக்கையாளர் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கிறார். முதலில் அவரிடம் போகலாம்.

பண்டத்தை மாற்றாமல் மதிப்பை மட்டும் உயர்த்த முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. நல்லெண்ணெயைப் பாத்திரம் கொண்டுபோய் அளந்து வாங்கிய காலத்தில், 1980-களில், விருதுநகரின் வி.வி.வி. அண்ட் சன்ஸ் நிறுவனம் ‘இதயம்’ என்று பெயர் வைத்துப் பொட்டலத்தில் கொண்டு வந்தது. எண்ணெய் வர்த்தகத்தில் பழகிய ஊர் அது. விருதுநகர் சந்தையின் டின் விலையைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களில் விலை பேசுவார்கள். பெயருக்குப் பின்னால் ‘நல்லெண்ணெய்’ என்ற பழைய பெயரை அப்படியே விட்டார்கள். விளம்பரத்தில் காட்டியதும் வீட்டுச் சமையலைத்தான். அந்த விளம்பரத்தில் நடித்த நடிகை சித்ராவை மக்கள் கடைசிவரை ‘நல்லெண்ணெய் சித்ரா’ என்றே அழைத்தார்கள். ஒரு நடிகையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒரு சமையல் எண்ணெய் நினைவில் நின்றது. புதிதாக இருந்தது உறையும், கலப்படம் இல்லை என்ற உறுதியும் மட்டுமே.

இன்றைய பிராண்டுகளில் பல அந்த உறுதிக்குப் பதிலாக வைத்தியத்தை விற்கின்றன. கொழுப்பைக் கரைக்கும், இதயத்தைக் காக்கும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். சமையல் எண்ணெய் லேபிளில் கொலஸ்ட்ராலை எதிர்க்கும், இதயத்துக்கு இதமானது என்ற வகையில் மிகைப்படுத்தி எழுதுவதை நம் லேபிள் விதிகள் தடை செய்கின்றன. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பெயரளவுக்கு மேல் இருப்பதில்லை என்பதால், ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்பதும் இந்த எண்ணெயின் தனிச்சிறப்பு ஆகாது.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பதிலும் மயக்கம் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உறைகிறதா என்று பார்க்கச் சொல்லும் காணொளிகள் பரவலாக வலம் வருகின்றன. பாமாயில் நிறையக் கலந்திருந்தால் கலங்கி உறையும், சரிதான். தவிட்டு எண்ணெய் கலந்திருந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. ஆய்வகத்தில் செய்யும் பௌடோயின் சோதனை என்று ஒன்று உண்டு. எள் எண்ணெய் இருந்தால் சிவப்பு நிறம் காட்டும். நெய்யில் வனஸ்பதி கலந்தால் பிடிபட வேண்டும் என்பதற்காக வனஸ்பதியில் 5 சதவீதம் எள் எண்ணெய் சேர்க்கச் சொல்லி ஒரு காலத்தில் சட்டமே இருந்தது. அந்தச் சிறிய அளவுக்கே நிறம் வந்துவிடும் என்றால், அதே சோதனை எள் எண்ணெய் ‘இருக்கிறது’ என்று சொல்லுமே தவிர ‘அது மட்டும்தான் இருக்கிறது’ என்று சொல்லாது. அதற்குக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைச் சோதனை வேண்டும். அது வாடிக்கையாளர் செய்யக்கூடியது அல்ல. அதிக விலை வாங்குகிற தயாரிப்பாளர்தான் ஒவ்வொரு தொகுதிக்கும் செய்து, முடிவை வெளியிட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்து பெயர் வாங்கியவருக்கு வரும் சிக்கல்தான் மிகக் கடினமானது. ஒரு மரச்செக்கில் ஒரு முறைக்கு 15, 20 கிலோ எள்தான் போட முடியும். ஆட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாள் முழுக்க ஓடினாலும் 50 கிலோ எண்ணெய்க்குச் சற்று முன்பின்னாகத்தான் கிடைக்கும். பெரிய அங்காடியிலிருந்து மாதம் பத்தாயிரம் லிட்டர் கேட்டு ஆணை வந்தால்? வெளியில் டின்னில் வாங்கி, தம் சீசாவில் ஊற்றி விற்பது மிக எளிது. ஆறு மாதத்துக்கு யாருக்கும் தெரியாது. இங்கேதான் நல்ல பெயர்கள் பல கெட்டிருக்கின்றன.

இதற்கு நேர்மையான வழிகள் இரண்டு இருக்கின்றன. செக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். ஐந்து செக்கு வைத்திருப்பவர் எட்டு வைக்கலாம், பக்கத்து ஊர் செக்குக்காரரைத் தம் முறைப்படி ஆட்டித் தரச் சொல்லலாம். இல்லையென்றால் எக்ஸ்பெல்லரில் ஆட்டிய எண்ணெயை வேறு பெயரில், வேறு நிற லேபிளில், குறைந்த விலைக்கு விற்கலாம். அதுவும் சுத்தமான நல்லெண்ணெய்தான். அன்றாடத் தாளிப்புக்கு அது போதும் என்று நினைக்கும் குடும்பம் அதை வாங்கும். பச்சையாக ஊற்றிச் சாப்பிட மட்டும் செக்கு எண்ணெயை வாங்கும். இரண்டாம் ரகத்தை மறைக்காமல் விற்கிறவரின் முதல் ரகத்தை நம்பலாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கூடுதல் விலை கொடுத்து வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: இது ஆட்டிய மாதம் எது, எள் எங்கிருந்து வந்தது, அமில மதிப்பு எவ்வளவு. உண்மையில் செக்கு வைத்து ஆட்டுகிறவர் முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொல்வார், மூன்றாவதைச் சோதித்துச் சொல்வதாகச் சொல்வார். மூன்றில் ஒன்றுக்கும் பதில் வராத சீசாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.